நான்காம் மாடியின் ஊமை மைக்

நான்காம் மாடியில் கிளம்பும் வதந்தி லிஃப்ட்டுக்குக் காத்திருக்காது, படியிலேயே இறங்கிவிடும். செவ்வாய்க்கிழமை மதியம் கிளம்பியது தரைத்தளம் வரை போய், அங்கே கொஞ்சம் கை கால் முளைத்து, காவலாளியின் வாய்க்கு வந்து சேர்ந்தது. அவர் அதை, யாரைப் பற்றிய வதந்தியோ அவரிடமே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன், வெளிய விட்டுடாதீங்க. கறார் அக்கா விசாரணையில பேசும்போது மைக்கை கட் பண்ணினது ஒயர்காரர்தானாம். மேனேஜர் சொல்லித்தான் பண்ணாராம்."

"யோவ், நான்தான்யா ஒயர்காரர்!"

"தெரியும். அதான் உங்ககிட்ட மட்டும் சொல்றேன்."

அந்தக் காப்பீட்டுக் கம்பெனியில் கணினி, பிரிண்டர், தொலைபேசி என்று மின்சாரம் ஏறுகிற எல்லாவற்றுக்கும் அவர்தான் வைத்தியர். பத்தொன்பது வருடங்களுக்கு முன் கழுத்தில் ஒயர் சுருளை மாலையாகப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தவர். இப்போது பாதிச் சாமான்களுக்கு ஒயரே கிடையாது; ஆனாலும் பெயர் அப்படியே நின்றுவிட்டது. அவர் தொழிலின் மூலதனம் ஸ்குரூடிரைவர் அல்ல, சந்தேகம். பிரிண்டர் பேப்பரைக் கடித்தால் பேப்பர் வாங்கிக் கொடுத்தவரைச் சந்தேகிப்பார். கணினி மெதுவாக ஓடினால் அதில் உட்கார்ந்திருப்பவரைச் சந்தேகிப்பார். யாராவது "நான் எதையும் தொடல சார்" என்று சொல்லிவிட்டால் போதும், கேஸ் முடிந்தது என்று அந்த ஆளின் விரல் ரேகையைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

இப்போது சந்தேகம் அவர் மேலேயே வந்து உட்கார்ந்திருந்தது. அதுவும் செய்யாத குற்றத்துக்கு. மனிதருக்குப் பொறுக்கவில்லை. யார் செய்தது என்று தானே கண்டுபிடித்து, அந்த ஆளை நாலு பேர் முன்னால் நிறுத்துவது என்று முடிவு கட்டினார்.

நடந்தது இதுதான். கறார் அக்கா நஷ்ட ஈட்டு மனுக்களைப் பார்க்கிற எழுத்தர். ரசீதில் ஒரு முத்திரை குறைந்தாலும் கோப்பை நகர்த்தமாட்டாள், எல்லாம் சரியாக இருந்தால் ஒரு நாள் தாமதம்கூடப் பொறுக்கமாட்டாள். பெயர் அப்படி வந்தது. தீப்பிடித்து எரிந்த ஒரு தையல் கடையின் கோப்பு ஒன்பது வாரம் அசையாமல் கிடந்தது. கடைக்காரர் தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதினார். மேனேஜர், "கோப்பு அந்த அம்மா மேசையில்தான் தூங்கியது" என்று பதில் எழுதினார். அக்கா மூன்று முறை மேனேஜருக்கு அனுப்பியிருந்தாள், மூன்றும் அவர் மேசையில்தான் தூங்கியிருந்தன. இதைச் சொல்வதற்குத்தான் செவ்வாய் காலை பதினோரு மணிக்கு விசாரணை. தலைமை அலுவலகத்து மூன்று பேர், மீட்டிங் ஆப் வழியாக.

அக்கா பேசினாள். பதினோரு நிமிடம் பேசினாள். திரையில் தெரிந்த மூன்று முகங்களும் கையைக் காதருகே குவித்தன. "கேக்கலம்மா", "இன்னும் கேக்கல", "வாய் அசையுது, சத்தம் வரல". கடைசியில் வியாழன் பதினோரு மணிக்கு இன்னொரு வாய்ப்பு, அதுதான் கடைசி. அன்றும் பேசாவிட்டால் காகிதத்தை வைத்து முடிவெடுப்போம் என்று சொல்லித் திரையை இருட்டாக்கினார்கள். காகிதம் என்றால் மேனேஜரின் காகிதம். முடிவு என்றால் முன்னூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிளைக்கு மாற்றல். அக்காவுக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள்.

அது போதாதென்று மேனேஜர் ஐந்தே நிமிடத்தில் இரண்டு சாட்சிகளோடு அக்காவின் மேசைக்கு வந்து, அதே கணினியில், அதே மைக்கில், ரெக்கார்டரைத் திறந்து "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று பேசி, போட்டுக் காட்டினார். மணி அடித்த மாதிரி கேட்டது. "மைக் நல்லாத்தான் இருக்கு. பேச விஷயம் இல்லாதவங்களுக்குத்தான் மைக் கெட்டுப்போகும்" என்று சொல்லி, அதைக் கடிதமாகவும் அனுப்பிவிட்டார்.

ஆக மாடியில் இரண்டு கட்சி. அக்கா தானே வாயைக் கட்டிக்கொண்டு நாடகமாடினாள் என்பது ஒரு கட்சி. ஒயர்காரர் கட்டினார் என்பது இன்னொன்று. பெட்டிக்குள் ஏதாவது நடந்திருக்கலாம் என்ற மூன்றாவது கட்சிக்கு ஆளே இல்லை. மனிதர்கள் கைவசம் இருக்கும்போது இயந்திரத்தைச் சந்தேகிப்பதில் யாருக்கு என்ன ருசி?

அன்று சாயங்காலம் வீட்டில் ஒயர்காரர் காப்பியைத் தொடவில்லை.

"என்னங்க, காப்பியில யாராவது எதையாவது கலந்துட்டாங்களா?" என்றாள் மனைவி.

"என் பேரைக் கெடுக்கறாங்கடி. நான் மைக்கை கட் பண்ணேனாம்."

"பண்ணீங்களா?"

"நீயுமா?"

"கேக்கறேன், அவ்வளவுதான். நம்ம வீட்டு போனை ராத்திரியானா பிஸ்கட் டின்னுக்குள்ள போட்டு மூடுற மனுஷன் யாரு? நாம பேசறதை எவனோ ஒட்டுக்கேக்கறான்னு? இந்த வீட்டுல நீங்க பேசறதை நானே பாதிதான் கேக்கறேன். வெளியாளுக்கு என்ன தலையெழுத்து?"

ஒயர்காரர் ஆறிய காப்பியை எடுத்துக் குடித்தார். ஆனால் அந்த பிஸ்கட் டின் மனத்தின் ஒரு மூலையில் டங்கென்று சத்தம் போட்டது. என்னவென்று பிடிபடவில்லை.

புதன்கிழமை காலை ஆயுதங்களோடு அக்காவின் மேசைக்குப் போனார். மூன்று புது ஹெட்போன், ஒரு டார்ச், ஒரு நோட்டு.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "என்ன அண்ணே, நேத்து மிச்சம் வச்சதை இன்னைக்கு கட் பண்ண வந்தீங்களா?"

"அம்மா, என் பிள்ளை மேல சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல."

"உங்களுக்குப் பிள்ளையே இல்லையே அண்ணே."

"அதுக்காக சத்தியம் பண்ணக்கூடாதா? தள்ளு, பாக்கலாம். இல்லன்னா நாளைக்கு மேனேஜர் ரூம்ல உக்காந்து பேசேன். அவர் லேப்டாப்பைத் தர்றேன்னாரே."

"அவர் ரூம்ல, அவர் நாற்காலியில, அவர் லேப்டாப்புல, அவரைப் பத்தி பேசணும். நல்லா இருக்கு. போன்ல பேசலாம்னா, அவங்கவங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்லதான் வரணும்னு கமிட்டி சொல்லிடுச்சு. எனக்கு இந்தப் பெட்டியை விட்டா வாய் கிடையாது."

ஹெட்போனை மாற்றினார், மாற்றமில்லை. ரெக்கார்டரில் பேசினார், அழகாகப் பதிவானது. அந்த ரெக்கார்டர் வாடிக்கையாளர்களின் வாக்குமூலத்தைப் பதிவதற்காகக் கம்பெனி வாங்கிப் போட்ட பழைய காலத்து மென்பொருள். அதை மூடிவிட்டு மீட்டிங் ஆப்பைத் திறந்து பேசினார். சவம் மாதிரி கிடந்தது. ஒரே மைக், ஒரே ஒயர், ஒரே வாய். ஒருவனோடு சிரித்துப் பேசுகிறது, இன்னொருவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஒயர்காரர் தாடையைத் தடவினார். இது ஒயர் பிரச்சினை இல்லை, யாரோ உள்ளே ஆளுக்கொரு நியாயம் வைத்திருக்கிறார்கள்.

செட்டிங்ஸைத் திறந்து, தனியுரிமைப் பக்கத்தில் மைக்ரோபோன் பகுதிக்குப் போனார். மேலே, இந்தக் கணினியில் மைக்கைப் பயன்படுத்தலாமா என்ற பெரிய சுவிட்ச்: ஆன். அதற்குக் கீழே, செயலிகள் கேட்கலாமா: ஆன். அதற்கும் கீழே ஒரு பட்டியல், ஒவ்வொரு செயலிக்கும் எதிரே தனித்தனி சுவிட்ச். மீட்டிங் ஆப்: ஆஃப். அதற்கு மேலே இருந்ததும் ஆஃப், கீழே இருந்ததும் ஆஃப். பட்டியல் முழுக்க வரிசையாக விளக்கணைத்த தெரு மாதிரி இருந்தது. பக்கத்தின் அடியில், பழைய பாணி மென்பொருள்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு சுவிட்ச். அது மட்டும் ஆன். ரெக்கார்டர் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போய் வந்துகொண்டிருந்தது.

"பிடிச்சிட்டேன்!" என்றார் ஒயர்காரர். "எவனோ வேணும்னே ஒவ்வொண்ணா உக்காந்து அணைச்சிருக்கான்மா. பாரு, ஒண்ணு விடாம. பொறுமைசாலி. கணினி தெரிஞ்சவன். இந்த மேசைக்குத் தடையில்லாம வந்து போறவன்…"

சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. பிஸ்கட் டின் மறுபடி சத்தம் போட்டது. இந்த முறை மூடி திறந்துகொண்டது.

போன மாதம் அவருக்கு ஒரு செய்தி வந்தது, யாரோ யாருக்கோ அனுப்பியதை இன்னொருவர் அவருக்குத் தள்ளியிருந்தார். கணினியில் இருக்கும் செயலிகள் மைக் வழியாக அலுவலகப் பேச்சை ஒட்டுக்கேட்கின்றன என்று. படித்த அன்றே, வருடாந்திரப் பரிசோதனை என்று சொல்லி ஒவ்வொருவரையும் நாற்காலியிலிருந்து எழுப்பி, இருபத்திரண்டு கணினியிலும் பட்டியலில் இருந்த சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டு வந்தார். ரெக்கார்டர் வேலைக்கு வேண்டுமே என்று அடி சுவிட்சை மட்டும் விட்டுவைத்தார். மற்றது வேண்டுமென்றால் கேட்டுக்கொண்டு வருவார்கள் என்று நினைத்தார். யாரும் வரவில்லை. யாராவது வந்து கேட்டிருந்தால்தானே அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கும்.

ஒரு மாதமாக மேனேஜரைத் தவிர இருபத்தியோரு பேர் ஊமையாக இருந்ததை ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. அந்த மாடியில் மீட்டிங் என்றால் மேனேஜர் தன் சொந்த லேப்டாப்பில் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். தலையாட்டுவதற்குக் கேமரா போதும்.

"யார் அண்ணே அது?" என்று கேட்டாள் அக்கா.

"எது?"

"பொறுமைசாலி."

ஒயர்காரர் ஹெட்போன் ஒயரைச் சுருட்டத் தொடங்கினார். "சில சமயம் அப்டேட் வரும்போது தானா மாறிடும்மா. பெட்டிக்குள்ள நடக்கறதை யார் கண்டா?"

அக்கா அவரையே பார்த்தாள். ரசீதில் முத்திரை குறைந்தால் பார்க்கிற பார்வை.

மீட்டிங் ஆப்பின் சுவிட்சைப் போட்டார். தன் அறைக்கு ஓடிப்போய் அங்கிருந்து அழைத்தார். "அண்ணே, கேக்குதா?" என்று அக்கா குரல் கணீரென்று வந்தது. அவருக்குக் கண்ணில் நீர் வராத குறை. சாயங்காலத்துக்குள் மற்ற கணினிகளிலும் போய், "சின்னப் பரிசோதனை" என்று சொல்லி மீட்டிங் ஆப்பின் சுவிட்சை மட்டும் போட்டுவிட்டு வந்தார். திருடன் எடுத்த சாமானைத் திருப்பி வைத்த மாதிரி முடிந்தது என்று நினைத்தார்.

வியாழன் பதினொன்று அடித்து இரண்டு நிமிடத்தில் அவர் அறைத் தொலைபேசி அலறியது.

ஓடிப்போனபோது திரையில் மூன்று முகங்கள். நடுவில் இருந்த கண்ணாடிக்கார அம்மையார் ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் "கேட்கவில்லை" என்று எழுதித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் பேசுவது அக்காவுக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் தங்களுக்குக் கேட்காதபோது எதிராளிக்கும் காது போய்விட்டது என்று அவர்களுக்கு ஓர் எண்ணம். பத்தடி தள்ளி, தூணருகே, மேனேஜர் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தார். அந்தக் கோப்பையில் காப்பி இல்லை.

"நேத்து சரின்னீங்களே அண்ணே!" என்றாள் அக்கா. "நேத்து பேசினேனே! இப்ப என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலம்மா." இந்த முறை உண்மையாகவே பண்ணவில்லை என்பதில் அவருக்கே ஓர் ஆச்சரியம். தனியுரிமைப் பக்கத்தைத் திறந்தார். சுவிட்ச் ஆனில்தான் இருந்தது. நேற்றுக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்? நேற்று இவர் தொட்டார். இன்று அவள் தொட்டிருக்கிறாள்.

"நீ என்ன தொட்டே?"

"நான் எதையும் தொடல."

ஒயர்காரருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. திரையின் கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், பொடியாக ஒரு மைக் படம். மைக்கை யாரோ பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு அடையாளம். அதன் மேல் அம்புக்குறியை வைத்தார். ரெக்கார்டரின் பெயர் எழுந்தது.

"அம்மா. ரெக்கார்டர் ஓடுது."

அக்கா மேசை மேல் இருந்த ரசீதுகளை அடுக்கினாள்.

"ஓடுதான்னு கேட்டேன்."

"ஓடுது." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "நான் ஒண்ணு சொல்ல, அவங்க ஒண்ணு எழுதுவாங்க. எனக்கு அத்தாட்சி வேணாமா? பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி போட்டுடறேன். செவ்வாய்க்கிழமையும் போட்டிருந்தேன்."

"செவ்வாய்க்கிழமையுமா?"

"பதினோரு நிமிஷமும் இருக்கு. அருமையா பேசியிருக்கேன்."

ஒயர்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அந்த ரெக்கார்டர் ஒரு பேராசைக்காரன். மைக்கை எடுத்தால் தனக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். தான் விடுகிற வரை பின்னால் வருகிற எவனுக்கும் சொட்டுச் சத்தம் தராது. கணினியும் அதற்கு உரிமை கொடுத்து வைத்திருந்தது. வாடிக்கையாளர் வாக்குமூலத்தில் வேறு ஓசை கலக்கக்கூடாது என்று கம்பெனி அப்படித்தான் வாங்கியிருந்தது. நேற்றுச் சோதிக்கும்போது அது மூடிக் கிடந்தது, அதனால் குரல் வந்தது. செவ்வாயன்று இரண்டு பூட்டும் ஒரே கதவில் தொங்கியிருக்கின்றன. அவர் போட்டது ஒன்று, இவள் போட்டது ஒன்று. ஒன்றே போதும் கதவை அடைக்க.

"ரெக்கார்டரை மூடு. உடனே கேக்கும்."

"மூடமாட்டேன்."

"ஏம்மா, மூணு பேர் உக்காந்திருக்காங்க!"

"அது ஓடலன்னா நான் பேசமாட்டேன். பேசறதும் பேசாததும் ஒண்ணுதான். நாளைக்கு நான் சொல்லவே இல்லன்னு சொன்னா என்ன பண்றது?"

திரையில் அம்மையார் அடுத்த காகிதத்தில் "ஐந்து நிமிடம்" என்று எழுதிக் காட்டினார்.

ஒயர்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒலி அமைப்புகளைத் திறந்து, பதிவுச் சாதனங்களில் அந்த மைக்கைப் பிடித்து, அதன் உள் விவரங்களுக்குள் கடைசித் தாளுக்குப் போனார். அங்கே ஒரு கட்டம்: செயலிகள் இந்தச் சாதனத்தைத் தனியே எடுத்துக்கொள்ள அனுமதி. கட்டத்தில் டிக் இருந்தது.

"அதை எடுத்துட்டா?" என்றாள் அக்கா.

"ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கணும். உனக்கு அத்தாட்சியும் கிடைக்கும், அவங்களுக்குச் சத்தமும் கிடைக்கும்."

"அப்ப முதல் நாள் கட் ஆனதுக்கும் இதுதான் காரணமா? நானேதானா?" அவள் முகம் சுருங்கியது. "நானே என் வாயைப் பொத்திக்கிட்டேனா? நேத்து அந்தப் பட்டியல் என்ன அப்ப?"

மனிதர் பொய் சொல்லியிருக்கலாம். எல்லாம் உன் ரெக்கார்டர்தான் என்று சொன்னால் அவள் நம்பியிருப்பாள். ஆனால் அந்த முகம் சுருங்கிய விதம் அவரால் பார்க்க முடியவில்லை.

"நீ பாதி. பாதி நான். போன மாசம் பட்டியல்ல எல்லாத்தையும் அணைச்சது நான்தான். எவனோ ஒட்டுக்கேக்கறான்னு. மேனேஜரும் சொல்லல, எவரும் சொல்லல. நானாத்தான்."

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு திரையில் ரெக்கார்டரின் சிவப்புப் புள்ளியைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"சேமிச்சுக்கறேன் அண்ணே, முதல்ல," என்று நிதானமாகச் சொல்லிச் சேமித்தாள்.

ஒயர்காரர் டிக்கை எடுத்தார். கணினி, வேறொரு மென்பொருள் இந்தச் சாதனத்தைப் பயன்படுத்துகிறது, அது நின்றுபோகலாம், பரவாயில்லையா என்று கேட்டது. பரவாயில்லை என்றார். ரெக்கார்டரை மூடித் திறந்தார். அது முனகிவிட்டுப் பங்குக்குச் சம்மதித்தது. சிவப்புப் புள்ளி மறுபடி எரிந்தது. மீட்டிங் ஆப்பிலிருந்து வெளியே வந்து மறுபடி உள்ளே போனார்.

"வணக்கம், இப்ப கேக்குதா?" என்றாள் அக்கா.

மூன்று தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. அம்மையார் "கேட்கிறது" என்று எழுத மறுபடி பேனாவை எடுத்து, பாதியில் நிறுத்தி, "கேக்குதும்மா, கேக்குது. சொல்லுங்க" என்றார்.

அக்கா சொன்னாள். மூன்று முறை கோப்பை அனுப்பிய தேதிகள், வாங்கிக்கொண்டதற்கான கையெழுத்துகள், தையல் கடைக்காரர் நேரில் வந்து நின்ற நாட்கள். ஒரு முத்திரை குறையாமல் சொன்னாள். பதின்மூன்று நிமிடம். ஆறாவது நிமிடத்தில் தூணருகே யாரும் இல்லை. முடிந்ததும் அம்மையார், அந்த மூன்று தேதிகளின் பதிவேட்டை மேனேஜர் மாலைக்குள் அனுப்பவேண்டும் என்றார். மாற்றல் பேச்சு அடுத்த வாரத்துக்குள் தானே அடங்கியது. தையல் கடையின் கோப்பு பத்தாவது வாரத்தில் எழுந்து நடந்தது.

மிச்சம் ஒரே ஒரு வரிதான். விசாரணைக் குறிப்பில், முதல் நாள் "சம்பந்தப்பட்டவர் விளக்கம் தரவில்லை" என்று எழுதியிருந்தது. அதை நீக்கவேண்டுமென்றால் கணினிப் பொறுப்பாளர் ஒரு படிவம் தரவேண்டும் என்றது கமிட்டி. படிவம் ஒயர்காரரிடம் வந்தது. தேதி நிரப்பினார். கணினி எண் நிரப்பினார். பழுது: மைக் ஒரு செயலியில் வேலை செய்தது, இன்னொன்றில் செய்யவில்லை. சரிசெய்தவர்: தன் பெயர், கொட்டை எழுத்தில். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"எழுதுங்க அண்ணே," என்றாள் அக்கா.

"என் வரியை எழுதினா உன் வரியையும் எழுதணும்மா. விசாரணையை நீ ரெக்கார்ட் பண்ணேன்னு."

"எழுதுங்க. நான் பயப்படல. நீங்க?"

"நாளைக்கு எழுதிடறேன்."

இது நடந்து ஏழு வாரம் ஆகிறது. கறார் அக்கா தினமும் காலையில் அவர் அறை வாசலில் ஒரு கணம் நின்று, "அண்ணே, என் வரி?" என்று கேட்கிறாள். "இன்னைக்கு எழுதிடறேன்மா" என்கிறார் அவர், மேசை டிராயரைக் கொஞ்சம் திறந்து படிவம் பத்திரமாக இருப்பதைக் காட்டி.

"அவசரமில்ல. அந்த வியாழக்கிழமை ரெக்கார்டிங் என்கிட்ட பத்திரமா இருக்கு, நீங்க 'நானாத்தான்'னு சொன்னது வரைக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் தன் மேசைக்குப் போகிறாள்.

அவள் போனதும் ஒயர்காரர் படிவத்தை எடுக்கிறார். பேனா மூடியைத் திறக்கிறார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார். பிறகு மூடியைப் போட்டு, டிராயரைத் தள்ளிவிடுகிறார்.